சல்லடையின் கணக்கு: இரண்டு லூப் என்றால் n² தானா?

தேர்வுத் தாளில் ஒரு சின்ன நிரலைக் கொடுத்து, ‘இதன் டைம் காம்ப்ளெக்ஸிட்டி என்ன?’ என்று கேட்டால் பலருடைய கண் முதலில் லூப்புகளைத்தான் தேடும். ஒரு லூப் இருந்தால் n. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இருந்தால் n². மூன்று என்றால் n³. நிரல் என்ன செய்கிறது என்று படிக்காமலேயே விடை எழுதிவிடலாம். பல நேரம் அந்த விடை சரியாகவும் இருந்துவிடும். அதனாலேயே இந்தக் குறுக்குவழியை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஆனால் பெருக்கிப் பார்க்க ஒரு நிபந்தனை உண்டு. வெளி லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் உள் லூப் அதே எண்ணிக்கையில் ஓடவேண்டும். வெளியே n சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே n சுற்று என்றால் n × n. உள் லூப்பின் ஓட்டம் வெளி லூப்பின் மாறியைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்தால் பெருக்கக் கூடாது, கூட்டவேண்டும். கூட்டினால் என்ன ஆகிறது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்து இந்த அத்தியாயத்தில் கடைசிவரை பார்த்துவிடுவோம்.

பழைய சல்லடை

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்தவர் எரட்டோஸ்தனீஸ். பகா எண்களைக் கண்டுபிடிக்க அவர் பெயரில் வழங்கும் முறை மிக எளியது. 2 முதல் n வரை எண்களை வரிசையாக எழுதுங்கள். 2-ஐ விட்டுவிட்டு அதன் மடங்குகளை எல்லாம் அடியுங்கள்: 4, 6, 8, 10… பிறகு 3-ஐ விட்டுவிட்டு 6, 9, 12… இப்படியே போனால் கடைசிவரை அடிபடாமல் நிற்பவை பகா எண்கள். பகு எண்கள் சல்லடையின் கண் வழியாக விழுந்துவிடும், பகா எண்கள் மேலே தங்கும்.

இதன் முதல் வடிவத்தைப் பைத்தானில் எழுதினால் இப்படி இருக்கும்:

```python
def sieve_a(n):
    prime = [True] * (n + 1)
    count = 0
    for i in range(2, n + 1):
        for j in range(2 * i, n + 1, i):
            prime[j] = False
            count += 1
    return count
```

ஒரு for, அதற்குள் இன்னொரு for. இரண்டிலும் மேல் எல்லை n. எனவே O(n²) என்பதுதான் நாம் சோதிக்கப்போகும் கூற்று. n பத்து லட்சமாக இருந்தால் n² என்பது ஒரு லட்சம் கோடி. நொடிக்குப் பத்துக் கோடி அடித்தல் செய்யும் கணினிக்கே அதை முடிக்கப் பத்தாயிரம் நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எதை எண்ணுவது?

நிரலில் பல வகை வேலை நடக்கிறது. i கூடுகிறது, j கூடுகிறது, j எல்லையைத் தாண்டியதா என்று ஒப்பிடப்படுகிறது, பட்டியலில் ஓர் இடம் மாற்றப்படுகிறது. எல்லாவற்றையும் எண்ண வேண்டியதில்லை. மிக அதிகமாக நடக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். மற்றவை அதோடு ஒட்டியே கூடிக் குறையும். இங்கே அது உட்புற வரியான `prime[j] = False`. அதை ‘அடித்தல்’ என்று வைத்துக்கொள்வோம். நிரலில் உள்ள `count` அதைத்தான் எண்ணுகிறது.

கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை அளக்கலாமே என்று தோன்றலாம். அதே நிரலை அதே n-க்கு இரண்டு முறை ஓட்டினால் கடிகாரம் இரண்டு விடை சொல்லும். பின்னணியில் வேறு நிரல் ஓடியிருக்கலாம், நினைவகத்தின் நிலை மாறியிருக்கலாம். அடித்தல்களின் எண்ணிக்கை அப்படி மாறாது. எந்தக் கணினியில், எத்தனை முறை ஓட்டினாலும் அதே எண்தான். கூற்று வளர்ச்சியைப் பற்றியது என்பதால், அசையாத அளவுகோல்தான் நமக்கு வேண்டும்.

முதலில் n = 30 என்று வைத்துக் கையாலேயே எண்ணிப் பார்ப்போம். i = 2 ஆக இருக்கும்போது 4 முதல் 30 வரை 14 அடித்தல். i = 3-க்கு 9. அடுத்து 4-க்கு 6, 5-க்கு 5, 6-க்கு 4, 7-க்கு 3. 8, 9, 10 மூன்றுக்கும் தலா 2. 11 முதல் 15 வரை தலா 1. 16-க்கு? அதன் முதல் மடங்கே 32, பட்டியலைத் தாண்டிவிட்டது. எனவே 16 முதல் 30 வரை பதினைந்து சுற்றுகளில் உள் லூப் ஒரு முறைகூட ஓடவில்லை.

மொத்தம் 52. n² சொன்னது 900.

சறுக்கல் எங்கே என்று இந்தக் கைக்கணக்கே காட்டிவிடுகிறது. உள் லூப் ஒவ்வொன்றாக நடக்கவில்லை, i அளவுக்குத் தாவித் தாவிப் போகிறது. i பெரிதாகப் பெரிதாகத் தாவலும் நீளமாகிறது. `range` என்பதன் மூன்றாவது இடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒற்றை i-யைக் கவனிக்காமல், இரண்டு லூப்பின் மேல் எல்லையை மட்டும் பார்த்ததால் வந்த கோளாறு.

கூட்டிப் பார்த்தால்

i என்ற எண்ணுக்கு n வரை n/i மடங்குகள் உண்டு (பின்னத்தை விட்டுவிடவேண்டும்). அவற்றில் முதலாவது i தானே. அதை அடிப்பதில்லை என்பதால் ஒன்றைக் கழிக்கவேண்டும். ஆக மொத்த அடித்தல், n/2 + n/3 + n/4 + … + n/n என்ற கூட்டுத்தொகையைவிடச் சற்றுக் குறைவு. n-ஐ வெளியே எடுத்தால்:

n × (1/2 + 1/3 + 1/4 + … + 1/n)

அடைப்புக்குள் இருப்பது எவ்வளவு பெரிதாகும்? கால்குலஸ் இல்லாமலேயே இதற்கு ஓர் எல்லை கட்டிவிடலாம். உறுப்புகளைக் கட்டுக்கட்டாகப் பிரியுங்கள். முதல் கட்டில் 1/2, 1/3 என்ற இரண்டு. அடுத்த கட்டில் 1/4 முதல் 1/7 வரை நான்கு. அதற்கடுத்து 1/8 முதல் 1/15 வரை எட்டு. முதல் கட்டில் இரண்டு உறுப்பு, ஒவ்வொன்றும் 1/2-ஐத் தாண்டாது, எனவே கூட்டல் 1-ஐத் தாண்டாது. இரண்டாவதில் நான்கு உறுப்பு, ஒவ்வொன்றும் 1/4-ஐத் தாண்டாது, அதுவும் 1-க்குள். எல்லாக் கட்டுகளுக்கும் இதே கதைதான். கட்டுகளின் அளவு இரட்டித்துக்கொண்டே போவதால், பத்து லட்சம் வரை போக 19 கட்டுகளே போதும். ஆகவே n பத்து லட்சம் என்றால் அடைப்புக்குள் 19-க்கு மேல் வர வழியே இல்லை.

கட்டுகளின் எண்ணிக்கை என்பது 2-ஐ அடிமானமாகக் கொண்ட n-இன் மடக்கைதான். எனவே மொத்த வேலை n log n அளவைத் தாண்டாது. இன்னும் துல்லியமாக அடைப்பின் மதிப்பு இயற்கை மடக்கையான ln n-ஐ ஒட்டியே நடக்கும்.

நிரலை ஓட்டினால் கிடைக்கும் எண்ணிக்கை இதோ:

| n | அடித்தல்கள் | அடித்தல் ÷ n |
|---|---|---|
| 1,000 | 5,070 | 5.07 |
| 10,000 | 73,669 | 7.37 |
| 1,00,000 | 9,66,751 | 9.67 |
| 10,00,000 | 1,19,70,035 | 11.97 |

மூன்றாவது பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். n ஒவ்வொரு முறை பத்து மடங்காகும்போதும் அந்த எண் 2.30 கூடுகிறது. ஒவ்வொரு முறையும் அதே 2.30. அது ln 10-இன் மதிப்பு. பத்தால் பெருக்குவது மடக்கையில் ஒரே அளவைக் கூட்டுவதாக மாறும். எனவே இந்தச் சீரான ஏற்றம்தான் n log n-இன் அடையாளம். வேலை n² ஆக வளர்ந்திருந்தால் அந்தப் பத்தி ஒவ்வொரு வரியிலும் பத்து மடங்காகியிருக்கும். வெறும் n ஆக இருந்தால் அசையாமல் நின்றிருக்கும்.

அப்படியானால் O(n²) என்பது பொய்யா? கறாராகச் சொன்னால் பொய்யில்லை. O என்ற குறி ‘இதற்கு மேல் போகாது’ என்று மட்டுமே சொல்கிறது. பத்து லட்சத்துக்கு 1.2 கோடி அடித்தல் என்பது ஒரு லட்சம் கோடியைத் தாண்டவில்லையே. இந்த வழுக்கலைத் தடுக்கத்தான் டொனால்ட் குனூத் 1976-இல் எழுதிய ஒரு குறிப்பில், மேலெல்லைக்கு O, கீழெல்லைக்கு Ω, இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு Θ என்று மூன்றையும் பிரித்துப் பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்டார். நம் நிரல் Θ(n log n). ஒருவர் O என்று சொல்லும்போது ‘இவ்வளவுதான்’ என்கிறாரா, ‘இதற்குள்தான்’ என்கிறாரா என்று கேட்டுக்கொண்ட பிறகே சோதனையைத் தொடங்கவேண்டும். இங்கே சொன்னவர் ‘இவ்வளவுதான்’ என்ற பொருளில்தான் சொன்னார். அந்தப் பொருளில் அது தவறு.

ஒரு வரி கூடினால்

மேலே உள்ள நிரல் வீண்வேலையும் செய்கிறது. 4-இன் மடங்குகள் எல்லாம் 2-இன் மடங்குகளாக ஏற்கெனவே அடிபட்டவை. எரட்டோஸ்தனீஸின் சல்லடையில் ஏற்கெனவே அடிபட்ட எண்ணின் மடங்குகளைத் தொடுவதே இல்லை. அதற்கு இரண்டு லூப்புக்கும் நடுவில் ஒரே ஒரு வரி போதும்:

```python
    for i in range(2, n + 1):
        if prime[i]:
            for j in range(2 * i, n + 1, i):
                prime[j] = False
                count += 1
```

லூப்புகளின் எண்ணிக்கை மாறவில்லை. n = 30-க்கு எண்ணினால் 2-க்கு 14, 3-க்கு 9, 5-க்கு 5, 7-க்கு 3, 11-க்கும் 13-க்கும் தலா 1. மொத்தம் 33. முன்பு 52 ஆக இருந்தது.

இப்போது அடைப்புக்குள் எல்லா எண்களும் இல்லை, பகா எண்கள் மட்டுமே: 1/2 + 1/3 + 1/5 + 1/7 + 1/11 + … இந்தத் தொடர் எல்லையில்லாமல் வளரும் என்று ஆய்லர் 1737-இல் காட்டினார். எவ்வளவு மெதுவாக வளரும் என்பதை 1874-இல் மெர்ட்டென்ஸ் நிறுவினார். n வரை கூட்டினால் ln ln n-உடன் ஏறத்தாழ 0.2615 சேர்ந்த மதிப்பு வரும். மடக்கைக்கும் மடக்கை! எனவே இரண்டாம் வடிவத்தின் வேலை n log log n.

இதையும் எண்ணிச் சரிபார்ப்போம்:

| n | அடித்தல்கள் | அடித்தல் ÷ n |
|---|---|---|
| 1,000 | 1,958 | 1.96 |
| 10,000 | 23,071 | 2.31 |
| 1,00,000 | 2,56,808 | 2.57 |
| 10,00,000 | 27,75,210 | 2.78 |

இங்கே ஏற்றம் சீராக இல்லை. 0.35, பிறகு 0.26, பிறகு 0.21 என்று ஒவ்வொரு அடியிலும் தளர்கிறது. log n அல்ல என்பது உறுதி. ஆனால் log log n என்பதற்கு இதுவே சாட்சியாகுமா? ‘கொஞ்ச தூரம் ஏறிவிட்டு 3-இல் நின்றுவிடும், ஆகவே இது வெறும் n’ என்று ஒருவர் வாதாடினால் இந்த நான்கு வரிகளை மட்டும் வைத்து மறுக்க முடியாது. n-ஐ ஒன்றுக்குப் பின் பதினெட்டு சுழியம் வரை கொண்டுபோனாலும் அந்தப் பத்தி 4-ஐத் தொடாது. log log n அவ்வளவு மெதுவானது. எண்ணிக்கை ஒரு கூற்றை உடைக்கும். ஆனால் எல்லா n-க்கும் அதை நிறுவாது. நிறுவுவது கூட்டுத்தொகை. எண்ணிக்கைக்கு இங்கே வேறொரு வேலை இருக்கிறது: நாம் எழுதிய கூட்டுத்தொகை இந்த நிரலின் கூட்டுத்தொகைதானா என்று சோதிப்பது.

அந்தச் சோதனையைக் கடைசி வரியில் செய்துபார்ப்போம். n பத்து லட்சம் என்றால் ln ln n = 2.6258. அதோடு 0.2615 சேர்ந்தால் 2.8873. எனவே கோட்பாட்டின்படி ஏறத்தாழ 28,87,300 அடித்தல் வரவேண்டும். வந்ததோ 27,75,210. ஏறக்குறைய 1,12,100 குறைகிறது. ‘தோராயம்தானே’ என்று இதைக் கடந்துவிடக் கூடாது. தப்பான கூட்டுத்தொகையும் பார்வைக்குத் தோராயமாக ஒத்துப்போகக்கூடியதே. குறைவுக்குக் காரணம் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பகா எண் தன்னைத் தானே அடித்துக்கொள்வதில்லை. பத்து லட்சத்துக்குள் 78,498 பகா எண்கள் இருக்கின்றன, அவ்வளவும் கழியவேண்டும். மீதி ஏறத்தாழ 33,600. இரண்டாவது, n/p என்று எழுதினோமே தவிர, அடிப்பது முழு எண்ணிக்கையில்தான். 10,00,000-ஐ 7-ஆல் வகுத்தால் 1,42,857.14 வரும். அந்த 0.14 அடித்தல் ஆகாது. ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்றுக்குக் குறைவான இப்படியொரு துண்டு உதிர்கிறது. 33,600-ஐ 78,498-ஆல் வகுத்தால் ஒரு பகா எண்ணுக்கு 0.43 வருகிறது. பின்னத் துண்டின் சராசரி எங்கே இருக்கவேண்டுமோ அந்த இடம்தான். கணக்கு நேராகிவிட்டது.

இந்த இரண்டு கழிவுகளும் பகா எண்களின் எண்ணிக்கையைத் தாண்டாதவை. பகா எண்களோ n-ஐவிடக் குறைவு. எனவே அவை n log log n என்ற முடிவை அசைக்காது.

அடிபடும் எண்ணின் பக்கத்திலிருந்து

இதுவரை அடிப்பவரின் பக்கம் நின்று எண்ணினோம்: 2 எத்தனை அடித்தது, 3 எத்தனை அடித்தது என்று. அதே கணக்கை அடிபடுபவரின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 30 என்ற எண் எத்தனை முறை அடிபடும்? 2 ஒரு முறை அடிக்கும், 3 ஒரு முறை, 5 ஒரு முறை. மூன்று முறை. 32? 2 மட்டுமே அடிக்கும், ஒரே முறை. ஒவ்வொரு பகு எண்ணும் தனக்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் உண்டோ அத்தனை முறை அடிபடும்.

ஆக நம் நிரலின் வேகத்தைப் பற்றிய கேள்வி, ‘ஓர் எண்ணுக்குச் சராசரியாக எத்தனை பகாக் காரணிகள்?’ என்ற எண் கோட்பாட்டுக் கேள்வியாகவே மாறிவிடுகிறது. சராசரி log log n என்பது மெர்ட்டென்ஸின் முடிவிலிருந்தே வந்துவிடும். அதைத் தாண்டிப் போனவர்கள் ஹார்டியும் நம் இராமானுஜனும். சில எண்களுக்கு ஏராளமான காரணிகள் இருந்து சராசரியை மேலே இழுத்துவிட்டனவா, அல்லது பெரும்பாலான எண்களுமே log log n அளவு காரணிகள் கொண்டவைதானா? பின்னதே உண்மை என்று கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் இருவரும் சேர்ந்து 1917-இல் நிறுவினார்கள். 1934-இல் பால் துரான் அதற்கு இன்னும் எளிய நிறுவல் தந்தார். சல்லடையின் மொழியில் சொன்னால், மிகப் பெரிய பட்டியலில் ஏறத்தாழ எல்லா எண்களும் அந்தச் சராசரியை ஒட்டிய அளவே அடிபடுகின்றன.

எண்ணியும் ஏமாறும் இடம்

`count` என்ற மாறியை வைத்துவிட்டால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது. எண்ணப்படும் வரி உண்மையில் ஒரே ஒரு வேலைதானா என்று பார்க்கவேண்டும். சல்லடையைப் புதிதாக எழுதுபவர்களில் பலர், ‘அடிப்பது’ என்பதைப் பட்டியலிலிருந்து எண்ணையே எடுத்துவிடுவது என்று புரிந்துகொண்டு இப்படி எழுதுவதுண்டு:

```python
            for j in range(2 * i, n + 1, i):
                if j in numbers:
                    numbers.remove(j)
                count += 1
```

`count` இங்கேயும் அதே 27,75,210-ஐத்தான் காட்டும். ஆனால் நிரல் முடியவே முடியாததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். காரணம், `remove` என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு லூப் மறைந்திருக்கிறது. பட்டியலின் தொடக்கத்திலிருந்து j எங்கே இருக்கிறது என்று தேடும். கிடைத்ததும் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா எண்களையும் ஓரிடம் முன்னால் நகர்த்தும். தேடியது பட்டியலின் முன்பாதி, நகர்த்தியது பின்பாதி. ஆக ஒவ்வொரு நீக்கலிலும் முழுப் பட்டியலும் ஒருமுறை தொடப்படுகிறது.

பத்து லட்சத்துக்குள் பகு எண்கள் 9,21,501. அவற்றை ஒவ்வொன்றாக நீக்கும்போது பட்டியல் பத்து லட்சத்திலிருந்து 78,498 வரை சுருங்கும். அந்த நீளங்களை எல்லாம் கூட்டினால் ஐம்பதாயிரம் கோடிக்குச் சற்றுக் குறைவாக வரும். n²-இல் பாதி! அதற்கு மேல் `j in numbers` என்ற சோதனையும் ஒவ்வொரு முறையும் தனியாகத் தேடுகிறது. ஒரு லூப்பும் கூடாமல், கண்ணுக்குத் தெரியும் அமைப்பு மாறாமல், n log log n வேலை n²-க்குத் தாவிவிட்டது.

எண்ணிக்கை மெதுவாக வளர்ந்து, ஓடும் நேரம் மட்டும் n இரட்டிக்கும்போது நான்கு மடங்காகப் பாய்ந்தால், எண்ணாமல் விட்ட லூப் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். நம்பத்தகாது என்று முன்பு ஒதுக்கிய கடிகாரம் இந்த இடத்தில் உதவுகிறது. நொடிகள் இரண்டொன்று முன்பின் ஆகலாம், ஆனால் இரண்டு மடங்கையும் நான்கு மடங்கையும் அது குழப்பிக்கொள்ளாது.

ஒருமுறை மட்டும் அடித்தால்

30 மூன்று முறை அடிபடுகிறது. ஒருமுறை அடித்தால் போதாதா? p-இன் மடங்குகளை 2p-இலிருந்து அடிப்பதற்குப் பதிலாக p²-இலிருந்து தொடங்கலாம். அதற்குக் கீழே உள்ளவற்றைச் சின்னப் பகா எண்கள் முன்பே அடித்திருக்கும். பத்து லட்சத்துக்கு இதனால் அடித்தல் 27.75 லட்சத்திலிருந்து 21.2 லட்சமாகக் குறையும். கணிசமான மிச்சம்தான், ஆனால் வளர்ச்சி வகை அதே n log log n. 30 இப்போதும் 2-ஆல், 3-ஆல், 5-ஆல் அடிபடத்தான் செய்கிறது.

ஒவ்வொரு பகு எண்ணையும் மிகச் சரியாக ஒரே முறை அடிக்கும் சல்லடையை டேவிட் கிரைஸும் ஜெயதேவ் மிஸ்ராவும் 1978-இல் வெளியிட்டார்கள். அந்தக் கருத்தின் எளிய வடிவம் ஒன்று, இதில் `primes` வெற்றுப் பட்டியலாகத் தொடங்குகிறது:

```python
    for i in range(2, n + 1):
        if prime[i]:
            primes.append(i)
        for p in primes:
            if i * p > n:
                break
            prime[i * p] = False
            count += 1
            if i % p == 0:
                break
```

இதிலும் லூப்புக்குள் லூப்தான். உள் லூப்போ பகா எண்களின் பட்டியல் முழுவதும் ஓடக்கூடியதாகத் தெரிகிறது. ஒவ்வொரு i-க்கும் அது எத்தனை முறை ஓடும் என்று கேட்டால் ஒழுங்கான சூத்திரம் எதுவும் கிடைக்காது. எண்ணும் பக்கத்தை மாற்றினால் விடை உடனே வந்துவிடும். கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். i-ஐ வகுக்கும் முதல் பகா எண் வந்தவுடன் லூப் நிற்கிறது. எனவே i × p என்று அடிபடும் எண்ணில் p-தான் எப்போதும் மிகச் சிறிய பகாக் காரணி. 30-க்கு அது 2. ஆகவே i = 15, p = 2 என்ற ஒரே சந்திப்பில்தான் 30 அடிபட முடியும். i = 10 ஆக இருக்கும்போது 3-ஐ எட்டும் முன்பே, 10-ஐ 2 வகுப்பதால் லூப் நின்றுவிடும். i = 6 ஆக இருக்கும்போதும் அதேதான்.

எனவே அடித்தல்களின் எண்ணிக்கையும் பகு எண்களின் எண்ணிக்கையும் ஒன்றே. n = 30-க்கு 19. பத்து லட்சத்துக்கு 9,21,501. n-ஐத் தாண்ட வழியில்லை. இரண்டு லூப்புடன் இது Θ(n). `count` வேறு எண்ணைக் காட்டினால், நிரலில் எங்கோ பிழை இருக்கிறது என்று தயங்காமல் சொல்லிவிடலாம். இங்கே கோட்பாடு தோராயம் சொல்லவில்லை, கடைசி இலக்கம் வரை சரியான எண்ணைச் சொல்கிறது.

ஆனால் 9.2 லட்சம் 21.2 லட்சத்தைவிடக் குறைவு என்பதால் இந்தச் சல்லடை இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பழைய சல்லடையில் ஓர் அடித்தலுக்கு ஒரு கூட்டல் போதும். இங்கே ஒரு பெருக்கல் வேண்டும், மீதி காண ஒரு வகுத்தலும் வேண்டும். செயலிக்கு வகுத்தல் கூட்டலைவிடப் பல மடங்கு சுமை. அதோடு, பழைய சல்லடை பட்டியலில் ஒரே சீரான தாவலில் முன்னேறும், புதியது இங்குமங்கும் குதிக்கும். log log n-உம் நாம் பார்த்தபடி பதினெட்டு சுழியம் வரை போனாலும் 4-ஐத் தொடாத ஒன்று. அதை நீக்குவதால் கிடைக்கும் லாபத்தை இந்தச் செலவுகள் எளிதில் விழுங்கிவிடும். எந்தச் சல்லடையின் வேலை எப்படி வளர்கிறது என்பதற்கு எண்ணிக்கையே தீர்ப்பு. பத்து லட்சத்துக்கு எது முந்தும் என்பதை இரண்டையும் ஓட்டி, நொடிகளை அளந்துதான் சொல்லவேண்டும்.